வாடகை இல்லாத ஆறு மாதத்துக்கு வாடகைச் செலவு எப்படி வரும்?

கேள்வி: "மண்டபம் ஊரில் ஐஸ் பிளாண்ட் போட ஒரு கட்டடத்தை எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பத்து வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று சாவி வாங்கினோம். முதல் ஆறு மாதம் வாடகை கிடையாது. அப்புறம் மாதம் ஒரு லட்சம், ஒவ்வொரு அக்டோபரிலும் ஐயாயிரம் கூடும். மார்ச் கணக்கை முடிக்கும்போது ஆடிட்டர் ஏழு லட்சத்துச் சொச்சம் வாடகைச் செலவு எழுதச் சொல்கிறார். ஒரு பைசா கொடுக்கவில்லை, பில்லும் வரவில்லை. வாடகை ஆரம்பித்த பதினைந்தாம் நாளே மீன்பிடித் தடைக்காலமும் வந்து பிளாண்ட் சும்மா கிடந்தது. அவர் சொல்வது சரியா?"

ஆடிட்டர் சொன்ன தொகை 7,05,000 ரூபாயாக இருக்க வேண்டும். அதுதான் என்றால் அவர் கணக்குச் சரி. நீங்கள் தந்திருக்கும் விவரத்தை வைத்தே அந்த எண்ணுக்கு வந்துவிடலாம். முதல் வருடம் ஆறு மாதம்தான் வாடகை, ஆகவே 6 லட்சம். இரண்டாம் வருடம் மாதம் 1,05,000 வீதம் 12,60,000. இப்படியே வருடத்துக்கு 60,000 ஏறிக்கொண்டே போய், பத்தாம் வருடம் மாதம் 1,45,000 வீதம் 17,40,000. பத்து வருடத்தையும் கூட்டினால் 1,41,00,000. இதைச் சாவி உங்கள் கையில் இருக்கும் 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,17,500. மார்ச் 31-க்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. ஆறு தடவை 1,17,500 என்பது 7,05,000.

வகுக்கும்போது 120-தான், 114 இல்லை. நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான். வாடகை கொடுக்கும் மாதங்களை மட்டும் எண்ணி 114-ஆல் வகுத்து 1,23,684 என்று எழுதி, அதையும் ஏப்ரலிலிருந்து தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் முதல் ஆறு மாதம் கட்டடம் ஓசியில் கிடைத்ததுபோல் கணக்கு காட்டும். கட்டட உரிமையாளர் உங்களுக்கு ஓசியில் தரவில்லை. பத்து வருடம் இருப்பீர்கள், வருடா வருடம் கூட்டித் தருவீர்கள் என்பதால்தான் ஆறு மாதத்தை விட்டுக்கொடுத்தார். அவரும் நீங்களும் பேசி முடித்தது 120 மாதக் குடியிருப்புக்கு 1.41 கோடி என்ற ஒரே விலை. அதை எந்த மாதம் எவ்வளவு கொடுப்பது என்பது தவணை ஏற்பாடு. உங்களுடையது போன்ற சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கு ஆபரேட்டிங் லீஸ் என்று பெயர். ஆபரேட்டிங் லீஸ் வாடகையை லீஸ் காலம் முழுவதும் நேர்கோட்டில், அதாவது மாதாமாதம் ஒரே அளவாக, செலவு எழுத வேண்டும் என்று கணக்கியல் தரம் ஏ.எஸ். 19 சொல்வதன் பொருள் இதுதான். சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கு இந்தத் தரத்தில் சில வெளிப்படுத்தல்களிலிருந்து விலக்கு உண்டு. செலவு எழுதும் முறையில் விலக்கு இல்லை.

பதிவு எப்படி என்றால், வாடகை இல்லாத ஆறு மாதமும் வாடகைச் செலவுக் கணக்கில் 1,17,500 பற்று, "வாடகைச் சமன்" என்று ஒரு பொறுப்புக் கணக்கைத் திறந்து அதில் 1,17,500 வரவு. 2025 ஏப்ரலில் உரிமையாளருக்கு 1,00,000 வரவு, மிச்சம் 17,500 வாடகைச் சமன் கணக்குக்கு. அக்டோபரில் வாடகை 1,05,000 ஆகும்போது அந்த மிச்சம் 12,500 ஆகக் குறையும். 2025 மார்ச்சில் 7,05,000 ஆக இருந்த பொறுப்பு, 2026 மார்ச்சில் 8,85,000, 2027 மார்ச்சில் 10,05,000 என்று ஏறும். 2028 செப்டம்பரில் 10,80,000 தொட்டு நிற்கும். அந்த அக்டோபரில் வாடகை 1,20,000 ஆகிவிடுவதால் அதிலிருந்து கணக்கு திரும்பும். நீங்கள் கொடுப்பது 1,20,000, செலவு எழுதுவது அதே 1,17,500, வித்தியாசம் 2,500 வாடகைச் சமனில் பற்று. இப்படிக் கரைந்து 2034 செப்டம்பர் 30 அன்று பூஜ்யமாக வேண்டும். எக்செலில் 120 வரி போட்டு, கடைசி வரியில் பூஜ்யம் வருகிறதா, செலவுப் பத்தியும் கொடுத்த பத்தியும் தனித்தனியே 1,41,00,000 வருகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தப்பினாலும் எங்கோ ஒரு மாதம் விட்டுப்போயிருக்கிறது.

வாடகைச் சமனை உரிமையாளரின் லெட்ஜரில் கலக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்தேன். டேலியில் தனி லெட்ஜர் திறக்கச் சோம்பல்பட்டு, உரிமையாளர் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டேன். வருட முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் அவருக்குப் போயிற்று. கீழக்கரையிலிருந்து பெரியவர் போன் செய்தார். "தம்பி, எனக்கு நாலு லட்சம் தரணும்னு நீங்களே எழுதி அனுப்பியிருக்கீங்க, எப்ப தர்றீங்க?" அவருக்கு விளக்கிச் சொல்லி முடிக்க அரை நாள் ஆனது. அந்தத் தொகை அவருக்குத் தர வேண்டிய கடன் இல்லை. இன்று அவர் கேஸ் போட்டாலும் அதை வாங்க முடியாது. இடத்தைப் பயன்படுத்திவிட்டோம், அதற்கான விலையைப் பின்னால் வரும் கூடுதல் வாடகையில் சேர்த்துக் கொடுக்கப்போகிறோம் என்ற கணக்கு மட்டும்தான் அது. பேலன்ஸ் ஷீட்டில் நீண்டகாலப் பொறுப்புகளில் மற்றவை என்ற தலைப்பில் போகும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கரையும் பகுதி இருந்தால் அதை மட்டும் நடப்புப் பொறுப்பில் பிரித்துக் காட்டுங்கள்.

இனித் தடைக்காலம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் பாருக்கு வேலை குறைவு. அதனால் அந்த இரண்டு மாதம் செலவு எழுதாமல் மற்ற பத்து மாதத்தில் ஏற்றிக்கொள்ளலாமா என்று பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நேர்கோட்டைவிடப் பொருத்தமான வேறு ஒழுங்கான முறை இருந்தால் அதை எடுக்கலாம் என்று ஏ.எஸ். 19 ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த முறை, குடியிருப்பவருக்கு இடத்தின் பலன் எந்தக் காலத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். உங்கள் வியாபாரம் எப்போது ஓடுகிறது என்பது அதில் வராது. தடைக்காலத்திலும் கட்டடம் உங்கள் பூட்டில்தான் இருக்கிறது. கம்ப்ரஸரைக் கழற்றிப் பழுது பார்ப்பது, உப்புநீர்த் தொட்டியைக் கழுவித் துரு எடுப்பது, கேன்களுக்கு வெல்டிங் வைப்பது எல்லாம் அந்த 61 நாளில்தான் நடக்கிறது. இடத்தின் பலன் நிற்கவில்லை. வருடா வருடம் ஐயாயிரம் கூடுகிறதே, அதுவே ஒரு ஒழுங்கான முறைதானே என்ற வாதமும் நிற்காது. ஐந்தாம் வருடத்தில் உங்களுக்குச் சதுர அடி கூடப்போவதில்லை. அந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்றால், இரண்டு கூடம் உள்ள கட்டடத்தில் ஒன்றை இன்றும் மற்றதை மூன்றாம் வருடத்திலும் ஒப்படைப்பதாக ஒப்பந்தம் இருந்து, அதற்காகவே வாடகை கூடுகிறது என்றால். அங்கே பலனே கூடுகிறது, செலவும் அதோடு சேர்ந்து கூடுவது சரி.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒப்பந்தத்தைப் பார்க்காமல் என்னால் உறுதி சொல்ல முடியாதது ஒன்று உண்டு, லீஸ் காலம் உண்மையில் பத்து வருடம்தானா என்பது. பத்திரத்தில் பத்து வருடம் என்று எழுதிவிட்டு, இன்னொரு பக்கத்தில் "மூன்று வருட லாக்-இன், அதன்பின் குடியிருப்பவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம்" என்று ஒரு வரி இருக்கும். வணிகக் கட்டட ஒப்பந்தங்களில் இந்த வரி சாதாரணம். அந்த வரி இருந்தால் கணக்கே மாறிவிடும். ஏ.எஸ். 19-ன்படி லீஸ் காலம் என்பது ரத்து செய்ய முடியாத காலமும், அதற்குமேல் குடியிருப்பவர் தொடர்வார் என்று ஒப்பந்தம் தொடங்கும்போதே நியாயமான அளவுக்கு நிச்சயமாகத் தெரியும் காலமும். மூன்று வருடம் மட்டும்தான் என்று எடுத்தால் கொடுக்கப்போவது 6,00,000, 12,60,000, 13,20,000 சேர்த்து 31,80,000. 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 88,333. மார்ச் செலவு 7,05,000-க்குப் பதில் 5,30,000. ஒரே கட்டடம், ஒரே வாடகை, லாபத்தில் 1,75,000 வித்தியாசம்.

உங்கள் விஷயத்தில் லாக்-இன் மூன்று வருடம் இருந்தாலும் நான் பத்து வருடத்தின் பக்கம்தான் சாய்வேன். ஐஸ் பிளாண்ட் என்பது மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை. அம்மோனியா குழாய், தரையோடு கட்டிய உப்புநீர்த் தொட்டி, சுவரில் வைத்த காப்புப் பலகை, பிளாண்ட் பெயரில் வாங்கிய மின் இணைப்பு எல்லாம் உங்கள் காசில் அங்கே இறங்கியிருக்கிறது. கழற்றிக் கொண்டுபோனால் பாதி தேறாது. இவ்வளவு போட்டவர் மூன்று வருடத்தில் போய்விடுவார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இயந்திரத் தேய்மானத்தை எத்தனை வருடம் வைத்துப் போடுகிறீர்கள், வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் எத்தனை வருட வருமானம் காட்டினீர்கள் என்றும் பாருங்கள். அங்கே பத்து, வாடகையில் மட்டும் மூன்று என்றால் ஆடிட்டர் நிச்சயம் கேட்பார். ஆனாலும் இது தீர்ப்புக்குரிய விஷயம். வெறும் குடோனாக மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு நான் மூன்றையே சொல்வேன். எதை எடுத்தாலும் ஒப்பந்தம் தொடங்கிய நாளில் என்ன தெரிந்ததோ அதை வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் போட்டுவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஆடிட்டர் மாறும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

மொத்தத் தொகையில் எதைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எவ்வளவு கூடும் என்று இன்றே எழுத்தில் முடிவானது மட்டும் சேரும். "மூன்று வருடத்துக்கு ஒருமுறை இருவரும் பேசி முடிவு செய்யும் உயர்வு", "அன்றைய மார்க்கெட் வாடகை", "விற்பனையில் இத்தனை சதவீதம்" என்றெல்லாம் இருந்தால் அவை இன்று தெரியாத தொகைகள். வரும் காலத்தில் வரும்போது எழுத வேண்டியவை, 1.41 கோடிக்குள் வராது. ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடிந்தால் அதுவும் இதில் சேராது. அட்வான்ஸ் தொகை திரும்ப வருவது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ஏ.எஸ். 19 நில லீஸுக்குப் பொருந்தாது, தரத்தின் முதல் பத்தியிலேயே நிலத்தைப் பயன்படுத்தும் லீஸ் விலக்கப்பட்டிருக்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு எடுத்த நிலம், இறால் குட்டைக்கு எடுத்த வெறும் நிலம் ஆகியவற்றை இந்தப் பதிலைக் காட்டி நேர்கோட்டில் போடச் சொல்ல முடியாது. போடக்கூடாது என்றும் இல்லை. ஏதாவது ஒரு கொள்கையை எடுத்து, அதைக் கணக்குக் குறிப்பில் சொல்லி, வருடா வருடம் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். உங்களுடையது கட்டடம், அதனால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆடிட்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் இடம் ஒன்று சொல்கிறேன். அந்த ஆறு மாதமும் இயந்திரம் பொருத்துவதில்தான் போயிருக்கும். அப்படியானால் 7,05,000-ஐச் செலவாக எழுதாமல் பிளாண்டின் அடக்க விலையில் ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் வருட நஷ்டம் குறையும் என்பதால் முதலாளிகளுக்கும் இது பிடிக்கும். நான் செய்ய மாட்டேன். பொருத்துக் கூலி, அடித்தளம் போன்றவை இயந்திரத்துக்காகவே ஆன செலவு, அவை ஏறும். கட்டட வாடகை, இயந்திரம் பொருத்தினாலும் பொருத்தாவிட்டாலும் ஓடியிருக்கும். ஆனால் மறுபக்கம் சொல்பவர்களுக்கும் வாதம் இருக்கிறது என்பதால், உங்கள் ஆடிட்டர் அப்படிச் சொன்னால் அவரைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வரியில் இரண்டு விஷயம். ஜி.எஸ்.டி.யும் டி.டி.எஸ்.ஸும் உரிமையாளருக்கு உண்மையில் சேரும் வாடகையில்தான் நடைமுறையில் போகின்றன. வாடகைச் சமனில் வரவு வைக்கும் தொகைக்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா என்று சிலர் பயப்படுவார்கள். அது அவருடைய வருமானமாக இன்னும் ஆகவில்லை, ஆகவே பிடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தனி லெட்ஜர் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வருமான வரியில் இந்த 7,05,000-ஐக் கழித்துக்கொள்ள முடியுமா என்பது சர்ச்சைக்குரியது. நான் பெரும்பாலும் எச்சரிக்கையாக அதைத் திரும்பக் கூட்டி, கொடுக்க வேண்டிய வாடகையை மட்டும் கழிக்கிறேன். அப்படிச் செய்தால் அது கால வித்தியாசம், ஏ.எஸ். 22-ன்படி தள்ளிவைத்த வரிச் சொத்து, அதாவது பின்னால் வரியில் குறையப்போகும் தொகை, வரும். சலுகை விகிதமான 25.168 சதவீதத்தில் இருக்கும் கம்பெனிக்கு அது சுமார் 1.77 லட்சம். ஆனால் கம்பெனி முதல் சில வருடம் நஷ்டத்தில்தான் போகும் என்றால் அந்தச் சொத்தை எழுதுவதற்கே நிபந்தனை கடுமையாகும், அதை ஆடிட்டரிடம் தனியாகப் பேசுங்கள். உங்கள் கம்பெனி இண்ட் ஏ.எஸ். என்ற வேறு கணக்கியல் தரத் தொகுப்பைப் பின்பற்றும் குழுமத்தின் துணை நிறுவனம் என்றால் நான் மேலே எழுதிய முறையே உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பயன்பாட்டு உரிமைச் சொத்து, லீஸ் பொறுப்பு என்று வேறு கணக்கு.

வங்கிக்காரர் இந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு "வாடகை பாக்கி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், 120 வரி எக்செலையும், உரிமையாளருக்குக் கொடுத்த வாடகையின் வங்கிப் பதிவையும் சேர்த்துக் காட்டுங்கள். நீங்கள் நாலாம் வருட முடிவில் ஒப்பந்தப்படியே விலகிவிட்டால், அன்று நிற்கும் 10,80,000-ஐ உரிமையாளருக்குத் தர வேண்டியதில்லை. நோட்டீஸ் கால அபராதம் ஏதும் இருந்தால் அதைத் தனியே செலவு எழுதி, வாடகைச் சமனை முழுவதும் லாப நட்டக் கணக்குக்குத் திருப்பிவிடுவீர்கள். 2024-25 கணக்கை இந்தச் செலவு எழுதாமலேயே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால், பழைய கணக்கைத் திறக்க வேண்டாம். ஏ.எஸ். 5-ன்படி 7,05,000-ஐ முந்தைய வருடத்துக்குரியது என்று இந்த வருட லாப நட்டக் கணக்கில் தனி வரியாகக் காட்டுங்கள், இந்த வருட வாடகையோடு கலக்காமல்.